ஒன்றுகூடலில் தனியாக உட்கார்ந்திருந்த அக்காவைக் கூட்டி வந்தேன், பாதியில் எழுந்து போய்விட்டார். எங்கே பிசகியது?

கீழ்டிவிஷன் மகள்
ஞாயிறு, இரவு 9.40

சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை உடைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இப்போது அங்கே தாமான் நிற்கிறது. ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிப் போனவர்களை வருடத்துக்கு ஒரு முறை கூட்டி ஒன்றுகூடல் நடத்துகிறோம். போன வாரம் நடந்தது. பதினான்கு வட்ட மேசை, மேசைக்குப் பத்துப் பேர், மேடையில் கராவோக்கே. நான் ஏற்பாட்டுக் குழுவில் இருக்கிறேன்.

மண்டபத்தின் வலது ஓரத்தில், ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்து மேசையில் ஓர் அக்கா தனியாக இருந்தார். ஐம்பத்தைந்து, அறுபது வயது இருக்கும். கைப்பை மடியில். முன்னால் இருந்த சிரப் தண்ணியைத் தொடவே இல்லை. எனக்கு முகம் பிடிபடவில்லை. நேராகப் போய், "ஏன்க்கா தனியா உக்காந்திருக்கீங்க? வாங்க எங்க மேசைக்கு" என்று கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். எங்கள் மேசை நிறைந்திருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "இந்த அக்கா பாவம் தனியா இருந்தாங்க, பேசிக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுச் சமையல்காரரைப் பார்க்க ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தால் நாற்காலி காலி. கழிவறைக்கு என்று சொல்லிப் போனாராம். கைப்பையும் இல்லை. வெளியே கார் நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்த தம்பி, அவர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டதாகச் சொன்னான்.

நல்லதுதானே நினைத்தேன்? எதில் தப்பு? தை மாதம் கோயிலில் பொங்கல் வைக்கிறோம். அங்கேயும் யாராவது இப்படி உட்கார்ந்திருப்பார்கள்.

கோப்பிக்கடை குமார்
ஞாயிறு, இரவு 10.05

உங்கள் மேல் தப்பே இல்லை. சிகாகோவில் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர் 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ரயிலில் போகிறவர்களில் சிலரைப் பக்கத்து ஆளோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. எப்படி இருக்கும் என்று வேறு சிலரை ஊகிக்கச் சொன்னபோது அவர்கள் நேர்மாறாகத்தான் சொன்னார்கள். ஆகத் தனியாக இருப்பவர் எவரும் உள்ளுக்குள் யாராவது வந்து பேச மாட்டார்களா என்றுதான் இருப்பார். தயங்காமல் இழுத்து வாருங்கள். அந்த அக்காவுக்கு வயிறு சரியில்லாமல் இருந்திருக்கும்.

மேல்டிவிஷன்காரன்
ஞாயிறு, இரவு 10.31

ஒன்றுகூடல் நடந்ததே இப்போதுதான் தெரிகிறது. மேல்டிவிஷன் ஆட்களுக்கு ஏன் சொல்வதில்லை? மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு நாங்களும்தான் வசூல் கொடுத்தோம்.

கீழ்டிவிஷன் மகள்
ஞாயிறு, இரவு 10.44

அண்ணே, புலனக் குழுவில் மூன்று முறை போட்டோம். உங்கள் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன். இங்கே கேட்டது வேறு விஷயம்.

செவ்வந்தி
ஞாயிறு, இரவு 11.20

குமார் அண்ணன் சொல்வதைப் படித்ததும் எனக்கு வியர்க்கிறது. நான் கல்யாணங்களில் வேண்டுமென்றே ஓரத்தில் உட்காருகிறவள். ஒருமணி நேரம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அப்புறம் இரண்டு பேரிடம் பேசுவேன், சாப்பிடுவேன், போய்விடுவேன். எனக்கு அதுதான் சந்தோஷம். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் அன்றைக்கு அவ்வளவுதான். தயவுசெய்து கையைப் பிடிக்காதீர்கள்.

மங்களம் அத்தை
திங்கள், காலை 6.15

கோப்பி குடித்துவிட்டு எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

மகளே, கல்யாண வரவேற்பு மேசையில் நான் நின்றது இருபது வருடத்துக்கு மேல். நீ செய்ததில் மனசு சரி, மூன்று காரியம் சரியில்லை.

முதலாவது நீ கேட்ட கேள்வி. "ஏன் தனியா இருக்கீங்க" என்றால் அதற்கு அவர் காரணம் சொல்லியாக வேண்டும். என்ன காரணம் இருக்கும்? "எனக்கு இங்க யாரையும் தெரியாது" என்பார், இல்லையென்றால் "வீட்டுக்காரர் தவறிட்டார்" என்பார். இரண்டும் முகம் தெரியாத பிள்ளையிடம் நின்ற நிலையில் சொல்கிற பேச்சா? போதாதென்று மேசையில் வந்து "பாவம்" என்று பட்டம் வேறு கட்டிவிட்டாய். அப்புறம் அந்த ஒன்பது பேரும் அவரைப் பாவமாகத்தான் பார்ப்பார்கள்.

நான் செய்வது இதுதான். பின்னாலிருந்து போக மாட்டேன், அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாக நடந்து போவேன். "இந்த நாற்காலில ஆள் இருக்கா?" என்று கேட்டு உட்கார்ந்துவிடுவேன். நின்றுகொண்டு பேசினால் விசாரிப்பது போல இருக்கும். நேர் எதிரே உட்கார மாட்டேன், பக்கவாட்டில், இரண்டு பேருமே மேடையைப் பார்க்கிற மாதிரி. அப்போது பேச்சு நின்றாலும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும், சங்கடம் வராது. அப்புறம் எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் முன்னால் இருப்பதைப் பற்றி ஒரு பேச்சு. "சாப்டீங்களா" என்றால் "ம்" என்ற ஒரு எழுத்தோடு முடிந்துவிடும். "எந்தப் பக்கமா வந்தீங்க, ரோடு எப்படி இருந்துச்சு" என்றால் ஊர் வரும், ஊரிலிருந்து ஆள் வரும், ஆளிலிருந்து பழைய கதை வரும். வீட்டுக்காரர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இதெல்லாம் அவராக எடுத்தால்தான். நானாக எடுத்து ஒரு தடவை அழ வைத்திருக்கிறேன், அதிலிருந்து விட்டுவிட்டேன்.

இரண்டாவது, பதினோராவது நாற்காலி. பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்த மேசையில் இன்னொரு நாற்காலியை நுழைத்தால் அது மேசையை ஒட்டி வராது, ஒரு முழம் பின்னால் நிற்கும். இரண்டு பக்கத்துத் தோளுக்கும் பின்னால் அவர் முகம். மேசைக்கு மேசை வைத்துப் பரிமாறியிருந்தால் கோழித் துண்டு பத்துத்தான் வரும். பதினோராவது ஆள் யாருடைய துண்டை எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அவராக இருந்தால் நானும் கழிவறைக்குத்தான் போவேன்.

அவரைக் கொண்டுவராதே, ஆட்களைக் கொண்டுபோ. உன் மேசையிலிருந்து ஒத்த வயதுள்ள இரண்டு பேரைக் கிளப்பி அவர் மேசையில் உட்கார வை. அங்கேதான் ஒன்பது நாற்காலி காலியாக இருக்கிறதே! அவர் இடம் அவருக்கு. வருகிறவர்கள்தான் விருந்தாளி.

மூன்றாவதைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம். கைமாற்றிவிடுவது. பெயரை மட்டும் சொன்னால் ஆள் நிற்காது, பெயரோடு ஒரு நூலும் வேண்டும். "அக்கா, இவங்க சாந்தி, பழைய கிராணி வீட்டுக்குப் பின்னால இருந்தவங்க. சாந்தி, அக்கா அந்தக் காலத்துல பெரட்டுக் களத்துக்குப் பக்கத்து லயம்" என்று இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்றைப் போட்டுவிட்டு, கேள்வியை ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தவுடனே எழுந்து ஓடக் கூடாது. நான் வாயே திறக்காமல் அவர்களுக்குள் பேச்சு இரண்டு தடவை போய் வரட்டும், அதுவரை உட்கார்ந்திருப்பேன். ஐந்து நிமிடம் ஆகும். சமையல்காரர் ஓடிப்போய்விட மாட்டார்.

ஓய்வு டிரெசர்
திங்கள், காலை 8.50

மங்களம் அம்மா சொன்னது எல்லாம் சரி. எனக்கு மூன்று சந்தேகம் இருக்கிறது, கேட்டுக்கொள்கிறேன். நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருடத்துக்கு மேல் டிரெசராக இருந்தவன்.

அந்த அம்மா உங்களோடு பேசும்போது தலையை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டாரா? மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாரா? கேட்ட கேள்விக்கு வேறு பதில் சொன்னாரா?

கீழ்டிவிஷன் மகள்
திங்கள், மதியம் 1.10

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் ஞாபகம் வருகிறது. நான் கூப்பிட்டதும் முகத்தை இடது பக்கம் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்தார். "எங்கேருந்து வரீங்க" என்று நடக்கும்போது கேட்டேன், "சாப்பாடு அப்புறம் போதும்" என்றார். கவனிக்காமல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஓய்வு டிரெசர்
திங்கள், மாலை 5.30

அப்படியானால் இடது காது மந்தமாக இருக்கலாம். ஆளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தோட்டங்களில் இது சாதாரணம். சின்ன வயதில் காதில் சீழ் வடியும், அம்மா பால் வெட்டப் போயிருப்பாள், தேங்காய் எண்ணெய் விட்டுப் பஞ்சு வைத்து அனுப்பிவிடுவார்கள். கவனிக்காமல் விட்டால் செவிப்பறையில் ஓட்டை விழுந்து அந்தக் காது காலத்துக்கும் மந்தமாகிவிடலாம். வயதாகும்போது இன்னொரு காதிலும் உயர்ந்த சுருதி ஒலிகள் முதலில் போகும். ச, த, ப மாதிரி எழுத்துகள் நழுவும், ஆ, ஓ மட்டும் கேட்கும். ஆகவே பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. அமைதியான வீட்டில் சமாளித்துவிடுவார்கள். ஒலிபெருக்கிப் பக்கத்தில் ஒன்றுமே நடக்காது.

கத்தக் கூடாது. கத்தினால் ஒலி கலங்கும், முகமும் கோபமாகத் தெரியும். நல்ல காது இருக்கிற பக்கம் உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி, கொஞ்சம் நிதானமாகப் பேசினால் போதும். வாயை மறைத்துக்கொண்டு பேசாதீர்கள், அவர்கள் பாதி காதிலும் பாதி உதட்டிலும் கேட்கிறார்கள். முதலில் அவரை அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தியிருக்க வேண்டும். "இங்க சத்தமா இருக்கு, எனக்கே காது அடைக்குது, அந்தப் பக்கம் போவமா" என்று உங்கள் காதைச் சொல்லி அழைத்தால் அவருக்கும் கௌரவம்.

கோப்பிக்கடை குமார்
திங்கள், மாலை 6.02

காது மந்தம் என்றால் ஏன் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறார்? தூரமாகத்தானே உட்காருவார்?

ஓய்வு டிரெசர்
திங்கள், மாலை 6.40

மேடையில் சொல்வதாவது கேட்கும் என்று உட்கார்ந்திருக்கலாம். முன்கூட்டியே வந்து காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம், பாட்டு அப்புறம்தானே ஆரம்பித்திருக்கும். தெரியாது தம்பி.

கணக்கு வாத்தியார்
திங்கள், இரவு 9.15

குமார் சொன்ன ரயில் ஆய்வு உண்மைதான், ஆனால் அதிலிருந்து அவர் எடுத்த முடிவு அதில் இல்லை. அங்கே ஒருவர் இன்னொருவரோடு பேசினார். ஒருவரைத் தூக்கி ஒன்பது பேர் நடுவில் போடவில்லை. இரண்டும் வேறு கணக்கு. ராபின் டன்பாரும் அவரோடு சேர்ந்த இருவரும் 1995இல், மக்கள் தாமாகக் கூடிப் பேசும் கூட்டங்களை எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பேச்சில் நாலு பேருக்கு மேல் அதிகம் தங்குவதில்லை. ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாக உடையப் பார்க்கும். நம் வட்ட மேசையிலும் பாருங்கள், பத்துப் பேர் இருந்தாலும் மூன்று பேச்சு ஓடும், எதிரில் இருப்பவர் பேசுவது எவருக்கும் கேட்காது. மங்களம் அக்கா இரண்டே பேரைக் கிளப்பச் சொன்னது அதனால்தான் சரி. அவரும் இரண்டு பேரும் நீங்களும், நாலு.

மங்களம் அத்தை
திங்கள், இரவு 9.33

வாத்தியாரே, நான் எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டைச் சுற்றி எத்தனை பேர் உட்கார முடியும் என்பதை வைத்துச் சொன்னேன்.

கம்பார் ரவி
செவ்வாய், காலை 11.20

என் கதை கொஞ்சம் வேறு, ஆனாலும் சொல்கிறேன். என் மனைவி சீனர். எங்கள் வீட்டு விசேஷங்களில் அவளை யாரும் தனியாக விட்டதில்லை, எட்டுப் பேர் சுற்றி உட்காருவார்கள். ஆனால் இரண்டு நிமிடம் மலாயில் பேசிவிட்டுத் தமிழுக்குப் போய்விடுவார்கள். கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருப்பாள், ஓரத்தில் இருந்தால்கூடக் கைப்பேசியைப் பார்க்கலாம். என் சின்னத்தை மட்டும் ஒரு வழி வைத்திருக்கிறார். ஒவ்வொரு சிரிப்புக்கும் அப்புறம் குனிந்து, என்ன சிரிப்பு என்பதை ஒரே வரியில் மலாயில் சொல்லிவிடுவார். முழுக்கதை கிடையாது, "பன்றி துரத்திச்சு, மாமா மரத்துல ஏறிட்டார்" அவ்வளவுதான். என் மனைவி இன்றைக்கும் சின்னத்தை வருகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் சேலை கட்டுவாள்.

புதிதாக வருகிற தமிழருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். அவர் வந்து உட்காரும்போது ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். "ஆத்து வெள்ளத்துல பாலம் போனதப் பத்திப் பேசிக்கிட்டிருக்கோம்" என்று யாராவது சொல்லாவிட்டால் அவருக்கும் அது வேற்றுமொழிதான்.

மேல்டிவிஷன்காரன்
செவ்வாய், மதியம் 2.05

குழுவில் சேர்த்ததற்கு நன்றி. வலது ஓரம், இடது காது என்றதும் எனக்கு ஓர் ஆள் ஞாபகம் வருகிறது. எங்கள் மேல்டிவிஷனில் ஸ்டோர் பக்கத்து லயத்தில்...

மங்களம் அத்தை
செவ்வாய், மதியம் 2.11

இங்கே பெயரைப் போடாதீர்கள் தம்பி. தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

கீழ்டிவிஷன் மகள்
செவ்வாய், இரவு 8.20

இன்னொன்று தெரிய வந்தது, சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மேசையில் இருந்த என் சித்தியிடம் இன்று கேட்டேன். நான் போன பிறகு எங்கள் மேசையில் ஒரு மாமா அந்த அக்காவிடம், "எந்த டிவிஷன், யாரு வீட்டுப் பொண்ணு" என்று ஆரம்பித்து, கடைசியில் "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்டிருக்கிறார். அக்கா ஒன்றும் சொல்லவில்லையாம். காது கேட்கவில்லை என்று சித்தி நினைத்தாராம்.

மங்களம் அத்தை
செவ்வாய், இரவு 8.41

அந்தக் கேள்வி நன்றாகவே கேட்டிருக்கும்.

செவ்வந்தி
செவ்வாய், இரவு 9.02

இப்படிக் கேட்கிற மாமா ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் இருக்கிறார். யாரைக் கொண்டுபோய் அவரிடம் உட்கார வைக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் இல்லையா? கூட்டி வருவது மட்டும் நல்ல காரியம் ஆகாது.

ஓய்வு டிரெசர்
செவ்வாய், இரவு 9.50

"எந்தத் தோட்டம்" என்பது நமக்கெல்லாம் இயல்பான கேள்வி, பாதி உறவு அதில்தான் தெரியும். ஆனால் அதையே கதவாக வைத்து உள்ளே போய் வேறொன்றைத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேட்கப்படுகிறவருக்கு அந்த வித்தியாசம் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும். நான் இடத்தைக் கேட்பேன், வீட்டைக் கேட்க மாட்டேன். "பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பாதையில் நடப்பீர்கள்" என்று கேட்டால் போதும். நடந்த பாதை எல்லாருக்கும் பொது.

கணக்கு வாத்தியார்
செவ்வாய், இரவு 10.10

அந்த மாமாவிடம் யாராவது சொன்னார்களா?

கீழ்டிவிஷன் மகள்
செவ்வாய், இரவு 10.15

இல்லை. அவர்தான் எங்கள் குழுப் பொருளாளர்.

கீழ்டிவிஷன் மகள்
ஜனவரி 16, இரவு 9.30

பொங்கல் முடிந்தது. யாருக்காவது உதவும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

கோயில் திடலில் ஏழு பானை. வேப்ப மரத்தடி பெஞ்சில் ஒரு தாத்தா, எழுபதைத் தாண்டியவர், கைத்தடியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு தனியாக இருந்தார். உடனே போகவில்லை, கொஞ்ச நேரம் பார்த்தேன். செவ்வந்தி மாதிரி ஆளாக இருந்தால் என்ன செய்வது? ஆனால் அவர் கூட்டத்தைச் சும்மா பார்க்கவில்லை. அடிக்கடி மூன்றாவது பானையையே பார்த்தார், பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அங்கே அடுப்பு எரியாமல் புகைந்துகொண்டிருந்தது.

முன்பக்கமாகப் போய், "தாத்தா, இங்க உக்காரலாமா" என்று கேட்டேன். தலையசைத்தார். பக்கவாட்டில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று யோசிப்பதற்குள் புகை எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் பட்டது. "எரிய மாட்டேங்குதே" என்றேன், கேள்வி கூட இல்லை. "எப்படி எரியும்? பால்மர விறகு, ஈரம். அதுவும் மூஞ்சியில அடைச்சு வச்சிருக்கானுங்க, காத்து எப்படிப் போகும்" என்றார். அவ்வளவும் ஒரே மூச்சில்.

அங்கே பானைக்குப் பொறுப்பு என் தம்பியும் அவன் கூட்டாளியும். அவர்களைக் கூப்பிடவில்லை. "தாத்தா, எப்படி வைக்கணும்னு அவனுங்களுக்குச் சொல்றீங்களா" என்றேன். இழுக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. தானே எழுந்தார். நான் அவர் நடைக்குக் கூட நடந்து போய், "தம்பி, தாத்தாவுக்கு விறகு தெரியும், ஈரமா இருக்குன்னு அங்கேருந்தே கண்டுபிடிச்சுட்டார். தாத்தா, இவன்தான் அடைச்சு வச்சவன்" என்று சொன்னேன். தம்பி சிரித்தான். தாத்தா கைத்தடியாலேயே இரண்டு கட்டையை வெளியே தள்ளி, நடுவில் இடம் விட்டு, காய்ந்த தேங்காய் மட்டையைக் கீழே செருகச் சொன்னார். பற்றிக்கொண்டது.

நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். தம்பி கேட்டான், தாத்தா சொன்னார். தாத்தா கேட்டார், கூட்டாளி சொன்னான். இரண்டு தடவை போய் வந்தது, நகர்ந்தேன். அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் அவருக்கு நாற்காலி வந்திருந்தது, பானைக்குப் பக்கத்திலேயே. பழைய நாளில் விடியற்காலை பெரட்டு மணி அடித்தபோது லயத்தில் யார் யார் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று கதை.

கெட்டதும் நடந்தது. எங்கள் செயலாளர் ஒலிவாங்கியில், "நம்ம தோட்டத்து மூத்தவர் ஒருத்தர் வந்திருக்காங்க, எல்லாரும் வந்து வணக்கம் சொல்லுங்க" என்று அறிவித்துவிட்டார். பதினைந்து பேர் கைப்பேசியோடு வந்து நின்றார்கள். தாத்தா முகம் சுருங்கிவிட்டது. படம் எடுத்து முடித்ததும் பொங்கலை வாளியில் வாங்கிக்கொண்டு பேரனை வரச் சொல்லிக் கிளம்பிவிட்டார். என்றாலும் சாப்பாட்டோடு போனார்.

கோப்பிக்கடை குமார்
ஜனவரி 16, இரவு 10.02

ஒலிவாங்கியில் மரியாதை செய்வது தப்பா? என் அப்பாவுக்கு அப்படிச் செய்தபோது ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வு டிரெசர்
ஜனவரி 16, இரவு 10.20

உங்கள் அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது. முதலிலேயே தாத்தாவிடம் மெதுவாக விசாரித்திருந்தால் இவருக்குப் பிடிக்குமா என்று தெரிந்திருக்கும்.

மங்களம் அத்தை
ஜனவரி 16, இரவு 10.35

எனக்கு ஒலிவாங்கியே பிடிக்காது, ஆனால் குமார் சொல்வதும் நடக்கிறதுதான். பெரியவர்களில் பாதிப் பேர் அதற்காகவே வருகிறார்கள்.

மகளே, அந்த அக்காவை விட்டுவிட்டாயா?

கீழ்டிவிஷன் மகள்
ஜனவரி 16, இரவு 10.48

இல்லை அத்தை. மேல்டிவிஷன் அண்ணன் தனிச்செய்தியில் சொன்ன ஆள்தான். பதிவு மேசை நோட்டில் எண்ணும் இருக்கிறது. போன் செய்து மன்னிப்புக் கேட்கலாமா என்று ஒரு மாதமாக யோசிக்கிறேன்.

செவ்வந்தி
ஜனவரி 16, இரவு 10.55

மன்னிப்புக் கேட்டால் அவர் "பரவாயில்ல" என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

ஓய்வு டிரெசர்
ஜனவரி 16, இரவு 11.04

போன் வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.

மேல்டிவிஷன்காரன்
ஜனவரி 17, காலை 7.12

எங்கள் வீட்டில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் பழைய வகுப்புப் படம் ஒன்று இருக்கிறது. கரையான் ஓரத்தைத் தின்றுவிட்டது, முகங்கள் தெரியும். அந்த வகுப்புதான் என்று நினைக்கிறேன். படம் பிடித்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

கீழ்டிவிஷன் மகள்
ஜனவரி 17, இரவு 8.15

அனுப்பிவிட்டேன். "அக்கா, நான் ஒன்றுகூடல் குழுவில் இருக்கேன். நம்ம பள்ளிக்கூடத்துப் பழைய படம் ஒன்னு கிடைச்சிருக்கு. மூணாவது வரிசையில இருக்கறவங்க பேர் எங்க யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியுதா?" என்று எழுதினேன். அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படித்துவிட்டார் என்று காட்டுகிறது. மூன்று மணி நேரமாகப் பதில் இல்லை.

மங்களம் அத்தை
ஜனவரி 17, இரவு 8.30

மறுபடி அனுப்பாதே. விடு.

கீழ்டிவிஷன் மகள்
ஜனவரி 18, காலை 6.50

விடியற்காலை 5.20க்கு வந்திருக்கிறது. "படம் சின்னதா இருக்கு. பெருசா அனுப்பு."